மேற்படி விலாசம்

அண்ணியின் தையல் கடைக்குக் கணினி வந்ததும், அவர் கைப்பட எழுதிய டெலிபோன் டைரக்டரியை அதில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் சும்மா இருக்கும் நாத்தனாரை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள்!

அண்ணியின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனாலும் பெயர், எண், விலாசம் என்று வரிசை வரிசையாக ஒழுங்காகவே ஏற்றினேன். எண்களின் முன்னால் நின்ற பூஜ்ஜியத்தைக் கணினி விழுங்கிவிடாதபடி எண்கள் இருந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்தேன். ஒரே வீட்டுக்காரர்களுக்கு அண்ணி 'மேற்படி' என்று எழுதியிருந்தார். அங்கெல்லாம் மேல்வரி விலாசத்தை நகலெடுத்துப் போட்டேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் மதியம் ஒரு கல்யாணப் பெண் போன் செய்தாள். அன்று மாலை சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம்.

"அக்கா, டிரஸ் இன்னும் வரலையே!"

"அப்பவே குடுத்தாச்சும்மா" என்று சொல்லிவிட்டு டெலிவரிக்காரரைப் பிடித்தேன்.

"பட்டியல்ல இருந்த வீட்டுலதான் குடுத்தேன். 'என் தங்கச்சி பேருதான்'னு ஒருத்தங்க வாங்கிக்கிட்டாங்க."

அண்ணி பழைய பக்கத்தைப் பிரித்தார். மேல்வரியில் இருந்தது பெண்ணின் அக்கா. அவளுடைய பழைய விலாசத்தை அடித்துவிட்டு, வேறு மையில் புது விலாசம் எழுதியிருந்தது. கீழே தங்கைக்கு 'மேற்படி'.

"மக்கு! அடிச்சது அப்புறம்தானே? மேற்படின்னு எழுதினப்ப மேல இருந்தது பழைய வீடு. அக்காதான் வீடு மாறினா, தங்கச்சி அங்கயேதான் இருக்கா!"

நான் கேட்டேன், "இப்ப அக்காகிட்ட வாங்கிடலாமே?"

"வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிட்டுப் போனவ அவ. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இந்தக் கல்யாணத்துக்குச் சொல்லக்கூட இல்லையாம்."

அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பாவி ஆகிவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி அதற்கு மேல் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு வேறு டிரஸ் தைக்க, கையில் கிடைத்த வெள்ளைத் துணியை வெட்டுமேஜையில் விரித்து, கத்தரிக்கோலைத் தேடினார்.

அப்போது மறுபடியும் கல்யாணப் பெண்ணின் அழைப்பு வந்தது. எடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"டிரஸ் வந்துடுச்சுக்கா. எங்க அக்காவே கொண்டு வந்தா. அப்பா கதவைத் திறந்தாரு... அப்படியே நின்னாரு. அப்புறம் உள்ள கூப்பிட்டுட்டாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா, இருக்கீங்களா? எங்க அக்காவோட அளவு உங்ககிட்ட இருக்குல்ல? வீட்டுல இருந்த துணியோடவே ஓடி வந்துட்டா. சாயங்காலத்துக்குள்ள அவளுக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க!"

அண்ணி ஏற்கெனவே அந்தத் துணியை அக்காவின் அளவுக்கு வெட்ட ஆரம்பித்திருந்தார்.