ஒல்லியின் ஆறு ஸ்லைடுகள்

நாளைக் காலை கல்லூரியில் எங்கள் குழுவின் பிரசன்டேஷன். நான்கு பேருக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். இன்று மதியம் ஒல்லிக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அவனுடைய ஆறு ஸ்லைடுகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒத்திகை பார்த்தால் பத்தொன்பது நிமிடம் ஓடியது. எங்கள் மூவரின் சொந்தப் பேச்சே பதினாலைத் தின்றிருந்தது.

"எதையாவது வெட்டணும்," என்றாள் லீடர்.

"என்னோடதுல யாரும் கை வைக்காதீங்க," என்றான் கண்ணாடி.

நான் மட்டும் என்ன யோக்கியமா? எனக்கும் விட்டுத்தர மனம் வரவில்லை. கை ஒல்லியின் ஸ்லைடுகள் பக்கமே போனது. வெயிலில் நாற்பது கடை ஏறி இறங்கி அவன் எடுத்த சர்வே போனது. அதிலிருந்து போட்ட வரைபடம் போனது. கடைசியில் ஆறும் போயின. ஒரு நிமிடம் மிச்சம்கூட வந்தது.

அப்போதுதான் ஒல்லி கூப்பிட்டான். லீடர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என் ஸ்லைடெல்லாம் என்னாச்சு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மூணு பேரும் பிரிச்சுக்கிட்டோம்டா," என்றாள் லீடர்.

"அப்பாடா," என்று இருமினான். "சர்வேயை மட்டும் அவசரப்படாம சொல்லுங்கடா."

"சரிடா," என்றேன் நான்.