செவ்வாய்க்கிழமை மூன்று மணி

வினிதாவிடம் பதினொரு பேர் இருந்தார்கள். வேண்டியது பன்னிரண்டு. காசநோய் குணமான பெண்கள் அதன்பின் எப்படி வாழ்கிறார்கள் என்று மைசூரில் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு, மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு பேட்டி.

ஆள் சேர்க்கும் முறையை அவளேதான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். கிளினிக் நர்ஸ் ஜோதிமணி துண்டுச்சீட்டைக் கொடுத்துக் கேட்பார்; சம்மதித்தவர்களின் எண் மட்டும் வினிதாவுக்கு வரும். சீட்டில் நோயின் பெயர் கிடையாது. எப்போது கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும். நெறிமுறைக் குழு ஒரு திருத்தமும் சொல்லவில்லை என்பதில் அம்மணிக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

பன்னிரண்டாவதாகச் சம்மதித்த தேவம்மா சொன்னது இது: செவ்வாய்க்கிழமை மூன்று மணி. ஃபோன் மட்டும். வேறு யார் எடுத்தாலும் ராங் நம்பர். கல்யாணத்துக்கு முன்பு வந்து போன நோய்; புகுந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு செவ்வாய் கூப்பிட்டும் ஃபோன் அணைந்தே கிடந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? ஞாயிறு காலை வாட்ஸாப்பில் தட்டினாள்: ‘அக்கா, நான் வினிதா. நேரமிருந்தால் கூப்பிடுங்கள்.’ நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று இருமுறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். பாவி, பெயருக்குப் பக்கத்தில் இருந்த தன் படத்தைப் பார்க்கவில்லை. டாக்டர்கள் அடையாளம் காணட்டும் என்று போன மாதம் வைத்தது. ‘காசநோயை வென்ற பெண்கள்’ என்று கன்னடத்தில் எழுதிய ஆய்வு முத்திரை.

செவ்வாய் மூன்று மணிக்குத் தேவம்மாவே கூப்பிட்டாள். வினிதா சந்தோஷத்தில் பேனாவைத் தேடினாள்.

“ரெண்டு வாரமா ஃபோனு ரிப்பேருக்குக் கெடந்துச்சுங்க மேடம். இன்னைக்கு நானே கூப்புடலாம்னுதான் இருந்தனுங்க.”

“பரவால்ல அக்கா, இப்பவே பேசலாமா?”

“ஞாயித்துக்கெழம ஃபோனு எங்க வூட்டுக்காரரு கையில இருந்துச்சுங்க. அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமுங்க.”

வினிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

“கேட்டாரு, சொல்லிப்போட்டேன். இப்ப கௌதள்ளியில எங்கம்மா வூட்ல இருக்கறனுங்க. பாப்பாவ மாமியா வூட்லயே வெச்சுக்கிட்டாங்க.”

“நான் டாக்டரக் கூட்டிட்டு வந்து அவர்கிட்ட பேசறேன் அக்கா. அது எப்பவோ குணமாயிடுச்சு...”

“வேண்டாமுங்க. எம்பேரையும் நம்பரையும் எடுத்துருங்க. இனிமே கூப்புடாதீங்க. இதயாச்சும் நாஞ் சொன்னபடி செய்யுங்க.”

வினிதா பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டாள். படத்தை நீக்கினாள், நடந்ததை ஒளிக்காமல் குழுவுக்கு எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியை சுசித்ரா அதை முழுக்கப் படித்தார். பிறகு, “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே வினிதா. பதினொண்ணே போதும்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

மன்னிப்புக் கேட்கவாவது ஒருமுறை பேச அனுமதி உண்டா என்று வினிதா விதிகளைப் புரட்டினாள். விலகியவரை எக்காரணம் கொண்டும் மீண்டும் தொடர்புகொள்ளக் கூடாது என்றிருந்தது. அவளே எழுதிய வரி அது.