பதிமூன்று புள்ளியும் ஒரு சோபாவும்

என் அக்காவோடு நான் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தப்பு யார் மேல் என்று கேட்டால் அவள் மேல்தான் என்று அடித்துச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா புதுசாக ஒரு சோபா வாங்கியிருந்தாள். சோபா என்றா சொன்னேன்? நல்ல உயரம், பலகை மாதிரி விறைப்பு, உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை. "என்னக்கா இது, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்கு"ன்னு சொன்னேன். வீட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் நாலாவது மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். அக்கா எட்டிப் பார்க்கவில்லை. என் மகள் பிறந்தநாளுக்கு அத்தான் கையில் பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டு அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் நின்றவள், என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். நடைமேம்பாலத்தில் ஏறி இந்தப் பக்கம் வரவில்லை. சோபா, புது வீடு, பிறந்தநாள், கடைத்தெரு. நாலையும் சேர்த்துப் பார்த்தேன். திமிர் என்று வந்தது. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் போனை எடுக்கவில்லை.

இதில் என்ன கூத்து என்றால், எனக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தச் சேர்த்துப் பார்க்கிற சமாச்சாரத்துக்காகத்தான். பல்கலைக்கழகத்தில் பார்வை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதில் சோதனைகளை நடத்துவது என் வேலை. பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒரு காகிதத்தில் மூன்று புள்ளி வைத்துக் காட்டுவேன். "முக்கோணம்" என்பார்கள். கோடு எங்கே ஐயா? யாரும் போடவில்லை. அதுதான் மூளையின் குணம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே கூட்டம் என்று கட்டிவிடும். ஒரே நிறமாக இருந்தால் சொந்தக்காரர்கள் என்று முடிவு பண்ணிவிடும். இடையில் விட்டுப்போனதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

"ஏன் அப்படி?" என்று கேட்பார்கள். ஏன் என்றால், பெரும்பாலும் அது சரியாக வருகிறது. வேலிக்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரிகிற மாடு துண்டு மாடு இல்லை, முழு மாடு. ஒன்றாகச் சேர்ந்து நகர்வதெல்லாம் அநேகமாக ஒரே உடம்பு. புதருக்குள் சில புள்ளிகள் சேர்ந்து நகரும்போது அதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றவனைப் புலி தின்றிருக்கும். அவனுக்குப் பேரன் பேத்தி கிடையாது. "ஐயோ புலி"ன்னு ஓடினவனுடைய வம்சம்தான் நாமெல்லாம். பத்துத் தடவையில் ஓரிரண்டு தடவை அது வெறும் இலையாக இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், ஓடினதால் யாரும் செத்துவிடவில்லை.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவிலிருந்து புதுப் பதிவுகள் வந்திருந்தன. கால் வலியோடு வருகிறவர்களில் சம்மதிக்கிறவர்களை நடக்கவிட்டுப் பதிவு செய்வார்கள். தலையில் ஒன்று, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் இவற்றில் இரண்டிரண்டு என்று பதிமூன்று சின்ன வில்லைகள் ஒட்டுவார்கள். எங்களுக்கு வந்து சேர்வது கறுப்புத் திரையில் பதிமூன்று வெள்ளைப் புள்ளி மட்டும். முகம் கிடையாது, பெயர் கிடையாது, உடுப்பு கூடக் கிடையாது. அந்தப் புள்ளிகளை வைத்தே எந்தக் கால் வலிக்கிறது என்று பார்க்கிறவர்களால் சொல்ல முடிகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு முன்னால் ஒவ்வொரு பதிவும் ஒழுங்காக இருக்கிறதா என்று நான் பார்த்து வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் கண்ணாடி என்போம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பார். அவர் முதல் பதிவைத் திறந்தார். அசையாத படம்.

"இது என்ன மேடம், கடுகைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு."

"அசையாம இருந்தா கடுகுதான். ஓட்டுங்க."

ஓட்டினார். கடுகு எழுந்து நடந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நொடி பிடிக்கும். கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது, ஆள் வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனோம். அடுத்ததை அவர் தட்டியதும் நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

திரையில் என் அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல. தண்ணி."

வலது கையை வீசி, இடது கையை உடம்போடு ஒட்டி, எப்போதும் பை மாட்டியிருக்கிற மாதிரி. பை இல்லாவிட்டாலும் அப்படித்தான் நடப்பாள். சின்ன வயசிலேயே நான் அதைச் செய்து காட்டி அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் இடது காலைத் தரையில் வைத்தவுடனே எடுத்துவிடுகிறாளே, தோள் சாய்கிறதே, அது அவளுடையது இல்லை. அது புதுசு.

இரு, இரு, அவசரப்படாதே என்று என்னை நானே அதட்டினேன். சுவரில் பிளக் ஓட்டையைப் பார்த்தாலே முகம் என்று சொல்கிற மூளை இது. "இதைத் தலைகீழாக் காட்டுங்க" என்றேன். காட்டினார். தலைகீழாகத் திருப்பினால் ஆள் கலைந்துபோய்விடும், எல்லாருக்கும் அப்படித்தான். அக்கா போய்விட்டாள், என்னமோ பூச்சிகள் நெளிந்தன. "இப்போ புள்ளிகளை இடம் மாத்திப் போடுங்க." ஒவ்வொரு புள்ளியும் தன் அசைவை அப்படியே அசைந்தது, இடம் மட்டும் வேறு. கொதிக்கிற உலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "சரி, பழையபடி." பழையபடி வந்தது. பழையபடி அக்காவும் வந்தாள்.

நேரே ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியையிடம் போனேன்.

"மேடம், ஒரு பதிவுல இருக்கிறது எனக்குத் தெரிஞ்சவங்கன்னு தோணுது."

"யாருன்னு சொல்லிடாதீங்க!" என்று இரண்டு கையையும் தூக்கினார். "நிச்சயமாவா?"

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது."

"சொல்லவும் கூடாது. தெரிஞ்சவங்க நடையைப் பார்த்து ஆளைச் சொல்றது குருட்டாம்போக்கா சொல்றதைவிடப் பரவாயில்ல, அவ்வளவுதான். தப்பும் நிறைய வரும். அந்தப் பதிவை வேற ஆளு பார்க்கட்டும். ஆஸ்பத்திரிக்கும் நான் தகவல் சொல்லணும், பெயர் தெரியாதுன்னு வாக்குக் கொடுத்துத்தான் நடக்க வச்சிருக்காங்க. நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அந்த ஆளுகிட்டயும்தான்."

"சரி மேடம்" என்றேன். வாய் சொன்னது. மனசு பஸ் ஸ்டாப்பில் நின்றது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் போடுகிறோம் போடுகிறோம் என்று வீட்டின் சொந்தக்காரர் இன்னும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பிறந்தநாள் நடந்ததும் அதே நாலாவது மாடி. கடைத்தெருவில் சாலையைக் கடக்க மேம்பாலம், இரண்டு பக்கமும் படி. ஐயோ, எல்லாமே படி! அதே புள்ளிகள்தான். நான் திமிர் என்று கோடு இழுத்து வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் கோடு எங்கே, கோடு எங்கே என்று கேட்கிற மகராசி, என் வீட்டுக் கோட்டை ஒரு தடவை கேட்கவில்லை. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல். சோபா மட்டும் இதில் எங்கேயும் ஒட்டாமல் நின்றது.

அக்கா வீடு தெருவோடு தெருவாக, தரைத்தளத்தில். நான் மணியை அழுத்த விரலை நீட்டும்போதே கதவு திறந்தது.

"வந்துட்டியா?" என்றாள். ஏதோ நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளைக் கேட்கிற மாதிரி.

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் தட்டி இடுக்குல பார்த்தேன். பாதி கை, பாதி கால்தான் தெரிஞ்சுது. கடன் கேக்க வந்தவனைத் துரத்துற மாதிரி கைய வீசிட்டு நடக்கிறது இந்தத் தெருவுல வேற யாரு? உள்ள வா."

திரும்பி எனக்கு முன்னால் நடந்தாள். இடது கால், தோள், எல்லாம் திரையில் பார்த்த அப்படியே. பேராசிரியைக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு நாக்கைக் கடித்தேன். நானே போய் அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்து, இடுப்பை மெல்ல இறக்கி, முழங்காலை அதிகம் மடக்காமல். சர்க்கரை மறந்துவிட்டது என்று உடனே எழுந்தாள். சிரமமில்லாமல் எழுந்தாள். அந்த உயரத்திலிருந்து எழுந்திருக்கலாம்.

எனக்கு மண்டையில் யாரோ ஓங்கிக் குட்டினது போல இருந்தது.

"அக்கா, இந்த சோபா..."

"இப்பத்தான் தெரியுதா?" என்றாள். "தாழ்வா உக்காந்தா எழுந்திரிக்க முடியலடி. அப்பவே முழங்கால் தேய்ஞ்சு போச்சு. உயரமா, கெட்டியா வாங்குங்கன்னு டாக்டர் சொன்னாரு. கடை கடையா ஏறி இறங்கி வாங்கினேன். நீ வந்து கோர்ட்டுன்ன, சாட்சின்ன."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாரும் சிரிச்சீங்களே. அதுக்கப்புறம் முழங்கால்னு சொன்னா கிழவின்னு அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிப்பீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பியில் சொட்டினது. நான் கேலி செய்தது சோபாவை இல்லை, அவள் வலியை. ஒன்றரை வருஷம் இவளைத் திமிர் பிடித்தவள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேனே, இந்த வாயை என்ன செய்வது?

"சரி விடு, மூக்கைத் துடை" என்று முந்தானையை நீட்டினாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரியில ஒரு வேடிக்கை தெரியுமா? உடம்பெல்லாம் வில்லை ஒட்டி என்னை நடக்க வச்சாங்க. எங்க போகுது இதுன்னு கேட்டேன். உங்க லேப்புக்குத்தான் போகுதாம்."

நான் டம்ளருக்குள் பார்வையைப் புதைத்தேன். "ஓ."

"வெறும் புள்ளிதான், யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணினாங்க. அப்படியா?"

"ஆமா. வெறும் புள்ளி. தெரியாது."

"கூடப் பொறந்தவளுக்குக்கூடவா?"

"யாருக்குமே தெரியாதுக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அடப்பாவமே. போதும்மா போதும்மான்னு அவங்க சொல்லியும், இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கால் வலிக்க வலிக்க நடந்தேனே. உனக்குப் போன் பண்ண ரோஷம் விடல. சரி, நடந்தாவது காட்டுவோம், பார்த்தா வந்துருவான்னு நினைச்சேன்." சர்க்கரையை என் டம்ளரில் போட்டுக் கலக்கினாள். "யாருக்குமே தெரியாதுன்னா, நீ இன்னைக்கு எதுக்குடி வந்த?"

வாக்கு வாக்குதான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சோபாவில் அவளுக்கு என் பக்கத்திலேயே இடம் விட்டேன்.