ஃபிரிட்ஜில் இருந்த பச்சைக் கற்கள்

எங்கள் பூவார் தேவாலயப் பங்கில் சத்தியராஜ் என்றொரு மேதை உண்டு. டாக்டருக்குப் படிக்கவில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. தவக்காலம் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் ‘நோம்பு சேலஞ்ச்’ என்று ஒரு குழு திறந்தார். இறைச்சியை எப்படியும் விடுகிறோம், கூடவே சோறு, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் விட்டு, அவர் விற்கும் பொடியை மட்டும் கலக்கிக் குடித்தால் ஈஸ்டருக்குள் ஆத்துமாவும் இடுப்பும் சேர்ந்தே சுத்தமாகிவிடுமாம்.

முதல் ஆளாகச் சேர்ந்தவள் என் அம்மா ஜேனட். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை எனக்கும் ஜெஃப்ரினுக்கும் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவள் அம்மாதான்.

“வீடியோக்காரன் முன்னால நின்னு எடுப்பான் பிள்ளே. நான் வள்ளம் கணக்கே வீங்கி வந்தா உன்னை ஆரு காணுவா?” என்றாள்.

வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தாள். பார்த்தவர்களெல்லாம் “எந்தொரு கிளாமர்!” என்று வாய் பிளந்தார்கள். கன்னம் ஒட்டி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதும் கிளாமரில்தான் சேர்த்தி போலிருக்கிறது.

ஈஸ்டர் மதியம் அப்பமும் மாட்டிறைச்சி வறுவலும் ஒரு பிடி பிடித்தாள். சற்று நேரத்தில் வலது விலா எலும்புக்குக் கீழே வலி, தோள்பட்டைவரை ஏறியது. “கேஸ் ஆக்கும்” என்றது ஊர். எங்கள் ஊரில் நெஞ்சடைப்பு முதல் காதல் தோல்விவரை எல்லாமே கேஸ்தான். மறுநாள் நான் இழுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் கற்கள்! சர்ஜனைப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா சத்தியராஜைப் பார்த்தாள்.

மேதைக்கு மருந்தா இல்லை? ஒரு கிளாஸ் ஒலிவ எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கல் தானே இறங்கிவிடுமாம். எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டாள். காலையில் வயிற்றுப்போக்கோடு பச்சைப் பச்சையாக உருண்டைகள் வந்தன. அதைக் கழுவி, குப்பியில் போட்டு, ஃபிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து, படமெடுத்துக் குழுவில் போட்டாள். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். வெட்கமே இல்லையா என்று கத்தினேன்.

“பொறாம பிடிக்காத மக்கா. கல்லு போச்சு.”

வியாழக்கிழமை காய்ச்சலும் வாந்தியுமாகச் சுருண்டு விழுந்தாள். அள்ளிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குப்பியையும் விடாமல் கொண்டுவந்திருந்தாள். சர்ஜன் லேகா ஓர் உருண்டையைச் சுடுதண்ணீரில் போட்டார். உருகிப்போனது.

“இது கல்லு இல்ல, சோப்பு. நீங்க குடிச்ச எண்ணெயும் எலுமிச்சையும் குடல்ல சேந்து உண்டானது. உங்க கல்லெல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கு.”

“எண்ணெயே தொடாம நோம்பு இருந்தேனே டாக்டரே. பின்ன எங்கன கல்லு வந்தது?”

“அதனாலயும்தான் வந்தது. உடம்புக் கொழுப்பு வேகமாக் கரையும்போ ஈரல் பித்தநீர்ல கொலஸ்ட்ராலைக் கூடுதலாத் தள்ளும். சாப்பாட்டுல கொழுப்பு இருந்தாத்தான் பித்தப்பை சுருங்கி அந்த நீரை வெளியே விடும். நீங்க பட்டினி போட்டீங்க, அது உள்ளேயே தேங்கி, கொலஸ்ட்ரால் படிஞ்சு கல்லாச்சு. மெதுவாக் குறைச்சு, சாப்பாட்டுல கொஞ்சம் எண்ணெயும் சேத்திருந்தா இந்த ஆபத்து குறைவு. அது போதாதுன்னு ஒரு கிளாஸ் எண்ணெய்! பை பலமாச் சுருங்கியிருக்கும். ஒரு கல்லு பையோட வாயில போய் அடைச்சு, இப்ப பை வீங்கிக் கிடக்கு. நாளைக்கே ஆபரேஷன்.”

அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சனியாழ்ச்ச கல்யாணம் வரைக்கும் ஒரு ஊசி போட்டு நிறுத்துங்க. அது கழிஞ்சு என்ன வேணும்னாலும் வெட்டுங்க.”

“காத்திருந்தா பை அழுகலாம். உயிருக்கே ஆபத்து.”

நான் அங்கேயே நின்று ஜெஃப்ரினைக் கூப்பிட்டுக் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அவன் பந்தல், பிரியாணி, துபாயிலிருந்து வந்த மாமா என்று இழுத்தான். “மாமாவுக்கு பிரியாணி குடு. தாலிகெட்டு பின்ன நடக்கும்” என்று போனை வைத்துவிட்டேன்.

அம்மா அழுதாள். “நாலுபேரு என்ன சொல்லும்? நான் இல்லேன்னாலும் நடக்கட்டு மக்கா. எனக்காக நிறுத்தாத.”

அத்தனை நாள் அடக்கிய கோபமும் பயமும் எனக்கு அழுகையாகவே வந்தது.

“நீ இல்லாம எனக்க கைய பிடிச்சிக் கூட்டிட்டுப் போறது ஆரு? சத்தியராஜா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. விலாவை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள்.