லெஃப்ட் கார்னரின் அம்புக்குறி

தீர்த்தகிரி சாருக்கு வட்டம் போட வராது. ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணிக்கே ஆடியவர். ரைடர் தோளை அசைக்கிற அசைவிலேயே எந்தப் பக்கம் பாயப் போகிறான் என்று சொல்லிவிடுவார். ஆனால் மார்க்கரைப் பிடித்து ஏழு வட்டம் போட்டால் ஏழும் கத்திரிக்காயாகத்தான் காய்க்கும். அதனால் முதல் வருஷத்திலிருந்தே போர்டில் படம் போடுவது சோஹைலின் வேலை. சார் சொல்லச் சொல்ல இவன் வரைவான். வரைந்ததைப் பசங்க பயபக்தியோடு பார்ப்பார்கள். பிறகு களத்தில் இறங்கி அவரவர் இஷ்டத்துக்கு ஆடுவார்கள். கல்லூரியின் மரபு அப்படி.

அது கபடி போர்டும் இல்லை. பச்சையில் கால்பந்து மைதானம் அச்சடித்த போர்டு. கல்லூரியில் கால்பந்து அணி இருந்ததே இல்லை. போர்டு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அதில் பாதியைக் களமாக வைத்துக்கொண்டார்கள். நடுக்கோடு நடுக்கோடுதான். பெனால்டி பெட்டியின் கோடு போனஸ் கோடு. கோல் விழ வேண்டிய இடத்தில் கடைசிக் கோடு. தருமபுரி ஸ்டேடியத்துக்கு அரையிறுதி ஆட வந்த அன்றும் அதே போர்டுதான் வேனில் வந்தது.

சார் அணியை வாயால் அறிவிப்பதில்லை. வட்டத்துக்குள் யார் பேரின் முதல் எழுத்து இருக்கிறதோ அவன் ஆடுவான். லெஃப்ட் கார்னர் வட்டத்தில் 'சோ' என்று எழுத வேண்டும் என்பதுதான் சோஹைலுக்கு அன்று உலகத்தில் இருந்த ஒரே ஆசை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் பொறுக்க ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வருஷம். இதை விட்டால் பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் பழைய பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கி விற்க அத்தா நடத்துகிற கிரேடு கடைதான்.

இடையில் ஒரு முழங்கால் இருந்தது. பயிற்சியில் திரும்பிக்கொண்டு ஜவ்வு கிழிந்த முழங்கால். நடக்க விட்டது, ஓடக்கூட விட்டது. முட்டி போட மட்டும் விடவில்லை.

"கால் எப்படிடா இருக்குது?" என்றார் சார்.

"சூப்பரா இருக்குதுங்க சார்."

"அப்ப உம் பேரப் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். எழுத்து அழகாக வந்தது.

எதிரணியின் ரைடர் பொம்மிடி வீரமணி. அவனுக்காக சார் ஒரு திட்டம் வைத்திருந்தார். "எப்பவும் நம்ம லெஃப்ட் கார்னரத் தேடித்தான் வருவான். போனஸுக்குக் கால நீட்டுவான் பாரு, நீட்டுன கால் தரையில பட்டதும் கார்னர் முட்டி போட்டுக் கணுக்காலப் புடிச்சிரணும். அது ஒண்ணு. புடிச்சதுக்கப்புறந்தான் பக்கத்துல நிக்கிற கவர் பாஞ்சு மேல அடைக்கணும். அது ரெண்டு. கவர் முந்துனான்னா போச்சு. ரெண்டு பேரையும் தொட்டுட்டு வூட்டுக்குப் போயிருவான்."

சோஹைல் ரைடருக்கு முக்கோணம் போட்டான். வருகிற வழிக்குப் புள்ளிக்கோடு. 'சோ'விலிருந்து ஓர் அம்பு, கவரில் நின்ற கலைமணியின் 'க'விலிருந்து ஓர் அம்பு. அம்பு நுனியில் எண் போட வேண்டும். தன் அம்பின் நுனியைப் பார்த்தான். அங்கே போய் முட்டி போட வேண்டியது ஓர் அம்பு அல்ல, அவன்.

அந்த நேரம் பார்த்து டாஸுக்குக் கூப்பிட்டார்கள். "நீயே பசங்களுக்குச் சொல்லிரு சோஹைலு," என்று சார் போய்விட்டார்.

சோஹைல் கலைமணியின் அம்பில் 1 என்று போட்டான். தன் அம்பில் 2. அதாவது, கலைமணி ரைடரைத் தள்ளி நிலைகுலைக்க, இவன் நின்றபடியே பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளலாம். போர்டில் பார்த்தால் அதுவும் நியாயமான திட்டமாகவே தெரிந்தது. போர்டில் எல்லாமே அப்படித்தான் தெரியும்.

பசங்க சுற்றி உட்கார்ந்தார்கள். ஏரியூர்க்காரன் கலைமணி மட்டும் போர்டை முறைத்தான். "மச்சான், நான் முந்துனா அவன் கால் ஃப்ரீயா இல்ல இருக்கும்?"

"சார் சொன்னதுடா."

"சாரா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்?"

"சரி," என்றான் கலைமணி. "எப்பவும் நம்ம இஷ்டத்துக்கு ஆடித்தான் தோக்கறோம். இன்னைக்கு ஒரு நாளு போர்டு பேச்சக் கேப்போம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மரபு மாறுவதற்கு அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

வீரமணி வந்தான். சொல்லிவைத்தாற்போல லெஃப்ட் கார்னர் பக்கம் வந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலை போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்தான். கலைமணி ஒன்றாம் எண் அம்பாகப் பாய்ந்தான். கால் இரண்டும் விடுதலையாக இருந்த வீரமணி, தோளைச் சாய்த்து அவனை வழுக்கவிட்டுத் திரும்பினான். இரண்டாம் எண் அம்பு இடுப்பைப் பிடிக்கப் போய்ச் சட்டையைத்தான் தொட்டது. வீரமணி நடுக்கோட்டைத் தாண்டினான். போனஸ் ஒன்று, தொட்ட ஆள் இரண்டு, ஆக மூன்று புள்ளி. இருவரும் வெளியே போய் உட்கார்ந்தார்கள். உயிர் வந்து உள்ளே போனதும் மறுபடி அதையே செய்தார்கள். போர்டுக்கு அவ்வளவு விசுவாசமான அணியை அந்த ஸ்டேடியம் பார்த்திருக்காது. இரண்டு முறை ஆல் அவுட்.

ஆட்டம் முடிந்ததும் சார் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கலைமணி, யாருடா உன்ன முந்தச் சொன்னது?"

"போர்டுல அப்படித்தானுங்க சார் இருந்துச்சு."

"இருக்காதே. சோஹைலு, அந்த போர்ட எடுத்துட்டு வா."

போர்டு வேனில் இருந்தது. வேனுக்குள் வேறு யாரும் இல்லை. சோஹைல் போர்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சாரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான். பிறகு கட்டைவிரலால் 1ஐ அழித்தான், 2ஐ அழித்தான், மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினான்.

சார் போர்டை வாங்கிப் பார்த்தார். கார்னர் 1, கவர் 2. "கண்ணு தெரியலயாடா உனக்கு?" என்று கலைமணியிடம் நீட்டினார்.

கலைமணி போர்டைப் பார்த்தான். எண்களைச் சுற்றி மை தேய்ந்து சாம்பலாகக் கிடந்தது. பிறகு சோஹைலின் கையைப் பார்த்தான். கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. சோஹைல் அதை மற்ற நான்கு விரலுக்குள் மடக்கிக்கொண்டான்.

"நாந்தான் தப்பாப் பாத்துட்டேங்க சார்," என்றான் கலைமணி.

"மூணாவது எடத்துக்கு ஆடறப்ப நீ வெளிய உக்காரு. சோஹைலு, அவன அழி. அங்க குப்புராஜப் போடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதுல நம்மகூட ஆடப் போறவனுங்க ரைடரும் அந்தப் பக்கந்தான் வரான்."

சோஹைல் 'க'வை அழித்தான். அதே விரலால். 'கு' என்று எழுதினான். கலைமணி எழுந்துபோய்த் தன் பையை எடுத்து, வேனில் சோஹைல் பைக்குப் பக்கத்திலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாற்றி வைத்தான். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியாவது இருக்கலாம்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் தொடங்கியபோது பல்கலைக்கழகக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள்.

ரைடர் வந்தான். புள்ளிக்கோடு போட்டது போலவே வந்தான். லெஃப்ட் கார்னருக்கு எதிரே ஒரு காலைத் தூக்கி, மறுகாலை நீட்டி வைத்தான். கணுக்கால் சோஹைலின் கைக்கெட்டுகிற தூரத்தில், பிடித்துக்கொள் என்பது போல இருந்தது.

குப்புராஜ் பாயவில்லை. அவன் எண் இரண்டு. மற்ற ஐந்து பேரும் அசையவில்லை. ஆறு பேரும் பெஞ்சிலிருந்த கலைமணியும் ஒன்றாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோஹைல் முழங்காலை மடக்கினான். பாதி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ரைடர் குனிந்து அவன் தோளை மெதுவாகத் தொட்டுவிட்டு, கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே நடந்து திரும்பினான். ஓடக்கூட இல்லை.

ஓரத்தில் சார் போர்டையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு தப்பும் இல்லை.