மொய் கழித்த பில்

ஆடி அமாவாசைக் கூட்டத்தை நம்பித்தான் இராமேஸ்வரத்தில் பொன்னுச்சாமி மெஸ் ஓடியது. அரிசிக்குத் திருவாடானை மில்காரர் மூக்கையாவை விட்டால் கடன் கொடுக்க நாதி கிடையாது. அமாவாசை நெருங்குகிற நேரத்தில் போய் அந்த மனுஷரைத்தான் பொன்னுச்சாமி சீண்டினார். மூக்கையாவுக்கு அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியவள், மெஸ்ஸில் கணக்கு எழுதும் சேதுலட்சுமி.

அதில் முக்கால்வாசி நியாயம்தான். மில்லுக்குத் தரவேண்டிய பில் பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு. முந்தைய லோடில் நனைந்துபோய்த் திருப்பி அனுப்பிய ஆறு மூட்டைக்கு ஏற்கெனவே கொடுத்த மூவாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. மில் தரவேண்டிய லாரி வாடகை தொள்ளாயிரத்தையும் மெஸ்தான் கட்டியிருந்தது. இரண்டையும் பாக்கியில் கழித்து, மீதி பதினாலாயிரத்து ஐந்நூறு தருகிறோம் என்று எழுதினாள்.

"கீழ இன்னொண்ணு போடு ஆத்தா," என்றார் பொன்னுச்சாமி. "அவன் மக கல்யாணத்துக்கு நான் ஐந்நூத்தியொண்ணு மொய் வச்சேன். என் மக காதுகுத்துக்கு அவன் வச்சது எரநூத்தி அம்பத்தியொண்ணு. பாக்கி எரநூத்தி அம்பதையும் கழி."

"மொதலாளி, பில்லு மெஸ்ஸுக்கும் மில்லுக்கும். மொய்யி வீட்டுக்கும் வீட்டுக்கும். அதை எப்படி இதுல கழிக்கிறது?"

"பணம் ஒரே பணந்தானத்தா."

சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் என்ன செய்வது? எழுதி அனுப்பினாள்.

நாலாம் நாள் அரிசியோடு மாலை போட்ட புது லாரி வந்து நின்றது. கடிதத்தோடு இறங்கினார் மூக்கையா.

"மூட்டைக் காசும் வாடகையும் நான் தரவேண்டியதுதான் மச்சான், கழிச்சது சரி. ஆனா மொய்யையும் கழிச்சு நேர் பண்ணிட்டீகளே! மொய்யை நேர் பண்ணுனா உறவை முடிச்சுக்கிறதுன்னுதான நம்ம பக்கம் வழக்கம்? முடிஞ்சவுகளுக்கு ஏது கடன்? இந்த லோடுக்கு ரொக்கத்தை எண்ணி வைங்க, எறக்குறேன்."

பொன்னுச்சாமி கல்லாவைத் திறந்தார். அதில் காய்கறிக்குக்கூடக் காசில்லை. கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கமாகச் சேதுலட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு லாரியைப் பார்த்தாள்.

"புது வண்டியாண்ணே? விசேஷம்னு ஒரு வார்த்தை சொல்லலையே! மொதலாளி, சும்மா நிக்கிறீக? மொய் வைங்க!"

லாரிக்கு மொய் வைத்ததாக இராமநாதபுரம் சீமையிலேயே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பொன்னுச்சாமி பக்கத்து லாட்ஜில் கைமாற்று வாங்கி, ஐந்நூற்றியொன்றை வெற்றிலையில் வைத்து நீட்டினார். மூக்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தில் மொய் வரியைக் கோடு போட்டு அடித்த சேதுலட்சுமி, மீதி பதினாலாயிரத்து ஐந்நூறு என்று திருத்தினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், மூட்டை இறங்கியது.

லாரி போனதும் பொன்னுச்சாமி அவள் பக்கம் குனிந்தார்.

"ஏத்தா, நம்ம மாவு கிரைண்டருக்கு ஒரு பூசை வச்சுப் பத்திரிகை அடிச்சா என்ன?"