உதடு மூடுகிற இடம்

நாட்டில் எவனும் பேசாத தமிழ் ஒன்று உண்டு. டப்பிங் சீரியலில் மட்டும்தான் அது புழங்கும். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து ஒருவன், "நான் உன்னை வெறுக்கிறேன்" என்பான். அவளும் சளைக்காமல், "ஓ, இதைக் கேட்பதற்கு நான் வருந்துகிறேன்" என்பாள். இப்படிச் சண்டை போட்டால் எந்த ஊரில் சண்டை வளரும்?

ராயப்பன்பட்டி பெனடிக்டுக்கு அந்தத் தமிழை மனுசர் பேசுகிற தமிழாக்குவதுதான் பிழைப்பு. சென்னை ஸ்டுடியோவிலிருந்து மெக்சிகோ சீரியலின் வீடியோ வரும். யாரோ வரிக்கு வரி மொழிபெயர்த்த வசனமும் கூடவே வரும். பெனடிக்ட் நடிப்பவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து அதை மாற்றி எழுதுவான். குளோசப் என்றால் உதடு மூடுகிற இடத்தில் ப, ம என்று நம் எழுத்தும் மூட வேண்டும். வாய் நின்ற பிறகு வார்த்தை ஓடக் கூடாது. ஆள் முதுகைக் காட்டி நின்றால் மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதலாம்.

எழுதினால் போதுமா, சொல்லிப் பார்க்க வேண்டாமா? அதற்கு ஞானசெல்வி இருந்தாள். முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், எதிர் மூலையில் அவனுடைய கம்ப்யூட்டர். படத்தின் சத்தத்தை அமர்த்திவிட்டு, "செல்வி, இங்கன வா" என்பான். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி வந்து, திரையில் இருப்பவள் வாயசைக்கும்போது வரியைச் சொல்லிப் பார்ப்பாள். "இப்படி எவ பேசுவா?" என்று முகத்தைச் சுளித்தால் அந்த வரி செத்தது. "ம், இது பேச்சு" என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மகள் ஜெசி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து வில்லி வசனத்தையெல்லாம் தானே சொல்லுவாள்.

ஜெசி போய் இரண்டு வருஷமாகிறது. காய்ச்சல் என்று தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஞானசெல்வி கம்ப்யூட்டர் பக்கம் வரவேயில்லை. அவனும் கூப்பிடவில்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காட்சி வந்தது. இறந்துபோன சின்னப் பையன் பெட்டிக்குள் கிடக்கிறான். தாய் குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து ஏதோ சொல்கிறாள். மொழிபெயர்ப்பில், "ஓ என் அன்பு மகனே, நீயின்றி நான் எவ்வாறு உயிர் வாழ்வேன்" என்று இருந்தது. எந்தத் தாய் இதைச் சொல்லுவாள்? பெனடிக்ட் மூன்று விதமாக எழுதி அனுப்பினான். மூன்றும் திரும்பி வந்தன.

"சார், அந்தம்மா அழவே இல்ல. உதடு லேசாத்தான் அசையுது. உங்க ஒப்பாரி அதுல ஒட்டல" என்றாள் டப்பிங் டைரக்டர் சிம்ரன் போனில். "நாளைக்குக் காலைல வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் வர்றாங்க. ஒரு தாய் நிஜமா என்ன சொல்லுவாளோ அதை எழுதுங்க சார்."

ஒரு தாய் நிஜமாக என்ன சொல்லுவாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பாவிக்கு நன்றாகவே தெரியும்.

ஜெசி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஞானசெல்வியே வெள்ளை உடுப்பு தைத்தாள். கோயிலுக்குள், "அம்மா, கழுத்து இறுக்குது" என்று பிள்ளை சிணுங்கியபோது அவள் காதோரம் குனிந்து ஒன்று சொன்னாள். அடுத்த வருஷம் அதே உடுப்பைத்தான் பெட்டியில் வைக்கும்போதும் போட்டுவிட்டார்கள். பிள்ளை வளர்ந்திருந்தாள், உடுப்பு வளருமா? ஊரே கதறிக்கொண்டிருக்க, ஞானசெல்வி மட்டும் அழாமல் குனிந்து, கழுத்துப் பட்டிக்குள் ஒரு விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டே, கோயிலில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள்.

"இறுக்குதாம்மா? பொறுத்துக்கம்மா. வீட்டுக்குப் போயி கழட்டிருவோம்."

பக்கத்தில் நின்ற பெனடிக்டுக்கு மட்டும்தான் அது கேட்டது.

அவன் சத்தத்தை அமர்த்திவிட்டு அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உதடு மூடுகிற இடமெல்லாம் மூடியது. கடைசி வாக்கியம் வரும்போது திரையில் அந்தத் தாய் முதுகைக் காட்டித் திரும்பிவிடுகிறாள், நீளம் இடிக்கவில்லை. படத்தில் பையன் என்பதால் 'ம்மா'வை 'ப்பா'வாக்கினான். ம என்ன, ப என்ன, உதடு மூடினால் சரி. மாற்றிவிட்டோமே, இனி இது செல்வி சொன்னது ஆகாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். எதிர் மூலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவிட்டான். சிம்ரனிடமிருந்து, "சார், படிச்சதும் அழுதுட்டேன்" என்று பதில் வந்தது.

சீரியல் வெளியானது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு நாள் காலையில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ராமுத்தாய், கையோடு போனையும் நீட்டினாள்.

"ஏத்தா செல்வி, இது ஒங்க வீட்டுக்காரக எழுதுனதாம்ல? எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் அழுதுட்டோம், பாரு."

பெனடிக்ட் நாற்காலியைத் திருப்பினான். போனில் ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

"இறுக்குதாப்பா? பொறுத்துக்கப்பா. வீட்டுக்குப் போயி கழட்டிருவோம்."

ஞானசெல்வி கையிலிருந்த டேப் நின்றது. பிறகு, "கையத் தூக்குக்கா" என்று சொல்லி மிச்ச அளவையும் எடுத்தாள். ராமுத்தாயை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நீங்க பக்கத்துல நின்னீக, கேட்டீக. ஆனா நான் ஒங்கட்டயா சொன்னேன்?"

"செல்வி, தப்புதான். வேற எது எழுதியும் பொருந்தல. நான் வேணா பேசி மாத்தச் சொல்றேன்..."

"எங்க போயி மாத்துவீக?" அவள் சத்தம் போடவில்லை. "தெனமும் படுக்கும்போது மனசுக்குள்ள அவட்ட அதச் சொல்லிட்டுத்தான் படுக்கேன். எனக்குன்னு அவட்ட மிச்சம் இருந்தது அந்த ஒரு பேச்சுதான். இப்ப நெனச்சுப் பாத்தா அந்தப் பொம்பள கொரல்லதான் கேக்குது."

அவன் எழுந்திருக்கப் போனான், அவள் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அதப் போடுங்க. சத்தத்த அமத்திட்டுப் போடுங்க. எம் பிள்ளைட்ட சொன்ன மாதிரியே நானே சொல்லிப் பாக்கேன்."

போட்டான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பழைய இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். திரையில் தாய் குனிந்தாள், காலரைத் தொட்டாள், உதடு அசைந்தது. ஞானசெல்வி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் அந்தத் தாய் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

"இன்னொருக்கப் போடுங்க."

மறுபடியும் போட்டான். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசியின் கழுத்துப் பட்டிக்குள் விட்ட விரல் இப்போதும் தானாக வளைந்தது. உதடு அசைகிற நேரத்தில், பிசகாமல், அவளுக்குக் குரல் வந்தது.

"இறுக்குதாப்பா?" என்றாள்.

சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.